"பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியது என் தப்புதான்

நேற்று நான் போட்ட, ஆர்.டி.இ. எனும் கல்வி உரிமைச் சட்டப்படியான மேல்முறையீட்டுக் கடிதத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "இது கடிதமா, காலில் விழுவதா?" என்று ஒரு நண்பர் கேட்க, வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சரி, சிரித்து முடித்திருந்தால் பேசலாம்.

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்காவின் பையனுக்கு எல்.கே.ஜி. சீட், தனியார் பள்ளியில் அந்தச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில். "வீடு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்" என்று நிராகரித்துவிட்டார்கள். நானே நடந்து பார்த்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரவுசிங் சென்டர் தம்பி வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும்போது, அதே பெயருள்ள வேறொரு தெருவில் புள்ளி வைத்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

கடிதத்திலும் அவ்வளவுதான் இருந்தது. விண்ணப்ப எண், அவர்கள் சொன்ன காரணம் அவர்கள் வார்த்தையிலேயே, புள்ளி தவறிய இடம், ரேஷன் கார்டு நகல். கடைசியில் ஒரே கோரிக்கை: தூரத்தை நேரில் சரிபார்த்துப் பையன் பெயரைக் குலுக்கலில் சேருங்கள். "சீட் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். அலுவலர் தர முடியாததைக் கேட்டால், மறுப்பதற்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

"உரிமையைக் கெஞ்சிக் கேட்பதா?" உரிமைதான், யார் இல்லையென்றது? 2009 சட்டத்தின் 32ஆம் பிரிவு எனக்கும் தெரியும். எழுத்தில் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம். ஆனால் மூன்று மாதத்தில் குலுக்கல் முடிந்து, சீட் வாங்கிய பிள்ளைகள் 'அ' எழுதிக்கொண்டிருப்பார்கள். குலுக்கலுக்கு முன்னால் அந்தக் கோப்பு நகர வேண்டும். அதற்குத்தான் கடிதம்.

வீரமாகவும் எழுதியிருக்கிறேன். அண்ணன் மகளுக்காக நான்கு பக்கம். 'முதலாளிகளின் கைக்கூலிகள்' எல்லாம் அதில் உண்டு. விண்ணப்ப எண் மட்டும் இல்லை. எழுத்தர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேணும்னு எங்க சார் எழுதியிருக்கீங்க?" என்றார். அந்த வருடம் அண்ணன் கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டினார். கடிதத்தை மெச்சிய நண்பர்கள் யாரும் அதில் பங்கு போடவில்லை.

"எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

ஆனால் 'அடிமைப் புத்தி' என்ற வார்த்தை இருக்கிறதே, அதை எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் இடமாறுதல் விண்ணப்பத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதிலும் 'பணிவுடன்' இருந்தது. மூன்று இடத்தில். அப்போது உங்களுக்கு முதுகு வலிக்கவில்லை.

இருக்கட்டும். கடிதம் கொடுத்து, நம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கியாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அன்று கடையைப் பூட்ட முடியாது, கல்யாண வீட்டுத் துணி இருக்கிறதாம். பதினொரு மணி வரைக்கும் கடையில் உட்கார யாராவது வருகிறீர்களா?