சார்ஜ் ஏறுதுல்ல, அப்புறம் என்ன?

கடைக்கார அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களிடம் சார்ஜர் வாங்கிப் போனவன் நான். ஞாபகம் வரவில்லையா? "பெட்டியைப் பிரிச்சாச்சு, இனி மாத்த முடியாது" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினீர்களே, அவனேதான். வாயால் சொன்னது எடுபடவில்லை. எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

நான் சார்ஜர் கேட்கும்போதே போனை உங்கள் கையில் கொடுத்தேன். மாடலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் பின்கவரைக்கூடக் கழற்றவில்லை. கீழே இருக்கும் ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "டைப் சி தானே, இது 80 வாட், பறக்கும்" என்று எடுத்துக் கொடுத்தீர்கள். பறந்தது என் தூக்கம்தான். இரவு 15 சதவீதத்தில் செருகினேன். முழுசாக ஏற 2 மணி 45 நிமிடம் ஆகும் என்று திரையில் வந்தது. பழைய சார்ஜரில் வழக்கமாக வரும் `Super fast charging` என்ற வரியையே காணோம். வெறும் `Charging`.

மறுநாள் வந்து கேட்டால், "சார்ஜ் ஏறுதுல்ல, அப்புறம் என்ன?" என்கிறீர்கள். அண்ணே, சொட்டுச் சொட்டாக ஒழுகினாலும் குடம் நிறையத்தான் செய்யும். அதற்காக அதைக் குழாய் என்று விற்பீர்களா?

சரி, கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குக்கு வருவோம். நீங்கள் கொடுத்த சார்ஜரின் அடியில், சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இன்னொரு போனின் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது:

```
OUTPUT: 5V⎓2A
        11V⎓7.3A
```

இரண்டாவது வரியைப் பெருக்கினால் 80 வாட் வரும். அது அந்தச் சார்ஜரைச் செய்த கம்பெனியின் சொந்த வேகச் சார்ஜ் முறை. அவர்கள் போனோடு மட்டும்தான் அந்த முறையில் பேசும். என் போனுக்குப் புரிவது PD என்ற பொதுவான வேகச் சார்ஜ் முறை, அதிலும் வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் PPS என்ற வகை. செருகியவுடன் போனும் சார்ஜரும் எந்த முறையில், எத்தனை வோல்ட்டில் போகலாம் என்று பேசி முடிவு செய்கின்றன. பேச்சு ஒத்துவரவில்லை என்றால் இரண்டும் பாதுகாப்பான அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அதுதான் அந்த முதல் வரி. 5 வோல்ட், 2 ஆம்பியர், ஆக 10 வாட். என் போன் 25 வாட் வரை வாங்கும். பேட்டரி 5000 mAh, அதாவது ஏறக்குறைய 19 வாட்-மணி. 10 வாட்டில் ஊற்றினால், சூடாக வீணாவதும் கடைசியில் வேகம் குறைவதும் சேர்ந்து மூன்று மணி நேரத்தை நெருங்கத்தான் செய்யும். ஓட்டை ஒன்றாக இருப்பதால் பேச்சும் ஒன்றாகிவிடாது. இத்தனை நாள் இதே வியாபாரம் செய்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

இதனால் போன் கெட்டுவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். கெடாது. போன் கேட்டதைத்தான் சார்ஜர் தரும். நான் காசு கொடுத்த வேலையை அது செய்யவில்லை, என் புகார் அவ்வளவுதான்.

"கேபிள்ல பிரச்சினையா இருக்கும், போன் பழசாயிருக்கும்" என்று நீங்கள் கிளப்பிய சந்தேகத்தையும் தீர்த்துவிட்டேன். அதே போன், அதே கேபிள், தம்பியின் PPS உள்ள 25 வாட் சார்ஜர். செருகிய சில நொடியில் `Super fast charging` வந்தது. அதே 15 சதவீதத்திலிருந்து 1 மணி 10 நிமிடம் காட்டியது. மாற்றியது சார்ஜரை மட்டும்தான். இன்னும் என்ன சாட்சி வேண்டும்? "ரெண்டு நாள் போட்டா செட் ஆயிடும்" என்றீர்களே, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. புதுச் செருப்பா அது, போடப் போடப் பழகிக்கொள்ள?

அப்புறம் அந்தப் பில். "சார்ஜர் - 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த மாடலுக்கு, எத்தனை வாட், ஒன்றும் இல்லை. நான் தப்பாகக் கேட்டேன் என்று நாளைக்கு நீங்கள் சொன்னால் எதைக் காட்டுவேன்? பெட்டியைப் பிரித்தேன் என்பதும் ஒரு குற்றமா? பிரிக்காமல் எப்படி அண்ணே செருகிப் பார்ப்பது?

நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. PD, PPS இரண்டும் அடியில் அச்சடித்திருக்கும் 25 வாட் சார்ஜர் ஒன்றை இதற்குப் பதிலாகக் கொடுங்கள். விலை கூடினால் மிச்சத்தை நான் தருகிறேன், குறைந்தால் நீங்கள் தாருங்கள். பில்லில் என் போனின் மாடலையும் எழுதிக் கொடுங்கள்.

திங்கட்கிழமை காலை வருகிறேன். கீறல் இல்லாத சார்ஜர், பெட்டி, பில், என் கேபிள் எல்லாம் கையில் இருக்கும். போனை வேண்டுமென்றே 20 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு வருவேன். உங்கள் கடை பிளக்கிலேயே செருகுவோம். திரையில் என்ன வரி வருகிறது என்று இந்தத் தடவை நீங்களே படியுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் 10 வாட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பவன்