ஹால் ஸ்பீக்கர் உங்கள் ரசனையை எழுதுகிறது

வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்பாட்டிஃபை அக்கவுண்ட். அதில் அப்பா காலையில் பக்திப் பாடல், பிள்ளை மாலையில் மழலைப் பாட்டு, நாம் ராத்திரி எண்பதுகளின் ராஜா. அப்புறம் "எனக்கு ஏன் இந்தக் கண்றாவியெல்லாம் சிபாரிசு பண்ணுது" என்று ஸ்பாட்டிஃபையைத் திட்டுவது. என் நண்பர் வட்டத்தில் இது மாதம் ஒரு முறையாவது வரும் புலம்பல். போன வாரம் ஒரு தம்பி, ஸ்பாட்டிஃபை அவனுக்கென்று கட்டித்தரும் டெய்லி மிக்ஸ் பட்டியல்கள் இருக்கும் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பி, "அண்ணே, புது அக்கவுண்ட் போட்டுடவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அந்தப் படத்தைச் சும்மா பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். டெய்லி மிக்ஸ் ஒவ்வொன்றின் கீழும் சில கலைஞர்களின் பெயர்கள் இருக்கும். முதலாவதில் இளையராஜா, எஸ்.பி.பி., ஜானகி. இரண்டாவதில் பக்திப் பாடகர்கள் மட்டும். மூன்றாவது முழுக்கக் குழந்தைப் பாட்டுச் சேனல்கள். அதாவது மூன்று ஆள் ஒரே அக்கவுண்டில் கேட்கிறார்கள் என்பதை மிஷின் தன் வழியில் கண்டுபிடித்து, மூன்று கூடையாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2016-ல் டெய்லி மிக்ஸ் வந்ததன் நோக்கமே அதுதான்: நீங்கள் கேட்டதையெல்லாம் சேர்ந்து ஒலிக்கக்கூடிய கொத்துகளாகப் பிரித்து, கொத்துக்கு ஒரு பட்டியல், அதில் பெரும்பகுதி தெரிந்த பாட்டு, நடுநடுவே ஒன்றிரண்டு புதுசு. எனவே மழலைப் பாட்டுக்குத் தனி மிக்ஸ் வந்திருந்தால் பதற வேண்டாம். அது அந்த மூலையிலேயே கிடக்கும்.

அடி விழுவது வேறு இடத்தில். திங்கள்கிழமைதோறும் புதுப் பாட்டுகளைச் சிபாரிசு செய்யும் டிஸ்கவர் வீக்லிக்கு அப்படி அறைகள் கிடையாது. முப்பது பாட்டு, ஒரே பட்டியல். அந்த முப்பதில் பிள்ளைக்கும் பங்கு, அப்பாவுக்கும் பங்கு என்று போனால் உங்களுக்கு மிஞ்சுவது சொற்பம். தம்பியின் பட்டியலில் பாதிக்கு மேல் யாருக்கானது என்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய பங்கு? இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கட்டுரை உதவும். ஹூ, கோரன், வோலின்ஸ்கி என்ற மூவர் 2008-ல் எழுதியது. யாரும் நட்சத்திரம் போடாமல், லைக் தட்டாமல், வெறும் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து எப்படிச் சிபாரிசு செய்வது என்று சொன்ன கட்டுரை. பின்னால் வந்த இசைச் சிபாரிசு வேலைகளில் பெரும்பகுதி அதன் மேல் நின்றது. அதில் ஒரு பொருள் மேல் உங்களுக்கு இருக்கும் விருப்பத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம்:

```
c = 1 + α · r
```

c என்பது அந்த நம்பிக்கை, r என்பது எத்தனை தடவை அனுபவித்தீர்கள் என்ற எண்ணிக்கை. α என்ற எடையை அவர்கள் 40 என்று வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறை கேட்ட ராஜா பாட்டுக்கு 81. பிள்ளை இருபது முறை கேட்ட மழலைப் பாட்டுக்கு 801. இந்த ஏற்றத்தை மட்டுப்படுத்த மடக்கைக் கணக்கில் இன்னொரு வடிவத்தையும் அதே கட்டுரையில் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய கம்பெனிகள் போடும் கணக்கு இதைவிட எவ்வளவோ சிக்கலானது. ஆனால் எண்ணிக்கைக்கு எடை என்ற அடிப்படை மாறவில்லை.

இப்போது நேரத்தை யோசித்துப் பாருங்கள். மழலைப் பாட்டு ஒன்று இரண்டு நிமிடம். ஒரு மணி நேரம் ஓடினால் முப்பது பாட்டு. அதே ஒரு மணி நேரம் நீங்கள் ஒரு ராகம் தானம் பல்லவி கேட்டால் அது ஒரே ஒரு பதிவு. சாதாரண சினிமாப் பாட்டு என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி தாண்டினாலே அது ஒரு 'ஸ்ட்ரீம்'. ஆக, சமமான நேரம் கேட்டும் பிள்ளை உங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டுப் போடுகிறது. அதுவும் முப்பதும் வேறு வேறு பாட்டு இல்லை, அதே ஐந்தாறு பாட்டு திரும்பத் திரும்ப. கர்நாடக சங்கீத ரசிகர்களின் அக்கவுண்ட்தான் வீட்டுக்குள் முதலில் கெடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கட்டுரைக்குப் பயன்பட்ட தரவு எது தெரியுமா? பாட்டே இல்லை. டிவி செட்டாப் பாக்ஸ்கள், ஏறத்தாழ மூன்று லட்சம். பாக்ஸ் என்றால் ஆள் இல்லை, வீடு. இந்தத் துறை தொடக்கத்திலேயே ஒரு கூட்டுக் குடும்பத்தை ஒற்றை ஆளாக எண்ணித்தான் கணக்குப் போட ஆரம்பித்தது. எனக்கு இதில் கம்பெனிகள் மேல் வருத்தம் உண்டு. ஆளுக்கொரு அக்கவுண்ட் என்ற அமெரிக்கப் பழக்கத்துக்குத் தைத்த சட்டை இது. நம் வீடுகளில் ஹாலில் ஒரு டிவி, ஒரு ஸ்பீக்கர், அதில் யார் போன் முதலில் இணைந்ததோ அவர் ரசனைதான் பலி.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்?

முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், கழுவுவது அப்புறம். பலரும் தலைகீழாகச் செய்வார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிடிக்காததையெல்லாம் தள்ளிவிட்டு, மறுநாள் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். ஹால் ஸ்பீக்கருக்கு ஒரு தனி அக்கவுண்ட் போடுங்கள், இலவசக் கணக்காக இருந்தாலும் போதும். ஃபேமிலி பிளான் எடுத்திருப்பவர்கள் ஆளுக்கொரு அக்கவுண்ட் தொடங்கலாம் என்பதையே மறந்து, எல்லோரும் ஒன்றில் தொங்குகிறார்கள். கட்டின காசு வீண்.

தனி அக்கவுண்ட் சாத்தியமில்லை என்றால், பிள்ளை கேட்கும் பாட்டுகளை ஒரே பிளேலிஸ்ட்டில் போட்டு, மூன்று புள்ளி மெனுவில் Exclude from your taste profile என்பதைத் தட்டுங்கள். 2023-ல் வந்த வசதி. அந்தப் பிளேலிஸ்ட்டில் இதுவரை கேட்டதும் இனி கேட்பதும் சிபாரிசைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் இதன் எல்லை அந்தப் பிளேலிஸ்ட்டின் எல்லைதான். பிள்ளை அதே பாட்டைத் தேடிப் போட்டாலோ, ஸ்பீக்கரிடம் வாயால் கேட்டாலோ, விலக்கு அங்கே செல்லாது. இன்னொரு பொந்து ஆட்டோபிளே. பட்டியல் முடிந்ததும் அதே மாதிரிப் பாட்டு தானாக ஓட ஆரம்பிக்கும். அது பிளேலிஸ்ட்டுக்கு வெளியே. யாரும் ஹாலில் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடினால் முன்பு சொன்ன முப்பது ஓட்டு. செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டால் தீர்ந்தது. (2008 கட்டுரைக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. சேனலை மாற்றாமல் சும்மா விட்டதால் அடுத்தடுத்து ஓடிய நிகழ்ச்சிகளுக்கு மதிப்பைக் குறைத்துத்தான் கணக்கிட்டார்கள்.) போனைக் கொஞ்ச நேரம் மட்டும் கொடுப்பதானால், கேட்பது சிபாரிசில் பெரிதாகச் சேராத Private session போதும்.

யூடியூப் மியூசிக் வைத்திருப்பவர்களுக்குக் கழுவும் வேலை சுலபம், ஆனால் ஓட்டை பெரிது. யூடியூபும் யூடியூப் மியூசிக்கும் ஒரே கூகுள் கணக்கின் வரலாற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. டிவியில் பிள்ளை பார்த்த கார்ட்டூன் பாட்டு உங்கள் பாட்டுப் பட்டியலுக்கு வந்து சேருவது அப்படித்தான். myactivity.google.com போய், யூடியூப் என்று வடிகட்டி, "rhymes" என்று தேடி, வருவதையெல்லாம் அழிக்கலாம். அழித்தவை சிபாரிசுக்கு அடிப்படையாக நிற்காது. டிவியில் வேறு கணக்கு போடும்வரை வரலாற்றை நிறுத்தியும் வைக்கலாம். அப்போது உங்கள் சொந்தக் கேட்பும் பதிவாகாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது திரும்பக் கற்றுக்கொடுப்பது. இங்கேதான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. பிடிக்காத பாட்டைத் தள்ளித் தள்ளியே சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறார்கள். தள்ளுவது மோசமான ஆசிரியர். நேரமில்லாமல் தள்ளினீர்களா, அலுத்துப்போய்த் தள்ளினீர்களா என்று மிஷினுக்குத் தெரியாது. நேர்மறையான அடையாளம்தான் வலுவானது, அதிலும் பிளேலிஸ்ட்டில் சேர்ப்பது. டிஸ்கவர் வீக்லியின் ஆரம்பக் காலத்திலிருந்தே, கோடிக்கணக்கானவர்கள் கைப்படச் செய்த பிளேலிஸ்ட்டுகளில் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டு வருகிறது என்பதுதான் அதன் பெரிய மூலதனம். நீங்கள் நாற்பது பாட்டு சேர்த்து ஒரு நல்ல பட்டியல் போட்டால், அதே மாதிரி பட்டியல் வைத்திருக்கும் ஊர் பேர் தெரியாத ஆட்கள் அருகில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும்.

அதனால் தம்பியிடம், சில வாரத்துக்கு டெய்லி மிக்ஸ் பக்கமே போகாதே என்றேன். மிக்ஸ் உன் பழைய வரலாற்றிலிருந்து வந்தது. அதைக் கேட்டால் அதே வரலாறு இன்னும் கெட்டியாகும். ஆல்பத்தைத் தேடிப் போய் முழுசாகக் கேள், பிடித்ததைச் சேமி, பட்டியலில் போடு. மழலைப் பாட்டுச் சேனலைப் பின்தொடர்ந்திருந்தால் எடுத்துவிடு, லைக் இருந்தால் நீக்கு. டெய்லி மிக்ஸில் மாற்றம் முதலில் தெரியும். டிஸ்கவர் வீக்லி வாரம் ஒருமுறைதான் மாறும் என்பதால் சில திங்கள்கிழமை பொறுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒன்று போகாது. அவன் ராஜா மிக்ஸில் தெலுங்குப் பாட்டு வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிள்ளையும் அப்பாவும் காரணமில்லை. எஸ்.பி.பி.யும் சித்ராவும் தென்னிந்திய மொழி நான்கிலும் பாடியவர்கள், ராஜா தெலுங்கில் இசையமைத்தவை ஏராளம். ஆந்திராவில் ஒருவர் அதே பெயர்களைக் கேட்கிறார், அவர் கேட்பதும் உங்கள் கொத்துக்குள் வந்துவிடுகிறது. எனக்கு இது பிடிக்கும், அதனால் திருத்தவில்லை.

புது அக்கவுண்ட் எப்போது சரி என்றால், உங்கள் பெயரில் சேமித்த பாட்டும் பட்டியலும் ஏறக்குறைய எதுவுமே இல்லாதபோது மட்டும். தம்பியிடம் பத்து வருஷத்துச் சேமிப்பு இருந்தது. அதை வீசிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால், மிஷின் அவனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஊரில் ஓடும் ஹிட்டுகளைத்தான் முதலில் நீட்டும்.

கடைசியாக, அவன் மனைவி கேட்ட கேள்வி: "ரெண்டு பேரும் சேர்ந்து கேட்கறதுக்கு என்ன பண்றது?" அதற்கு 2021-லிருந்து பிளெண்ட் இருக்கிறது. ஆளுக்கொரு அக்கவுண்ட் இருந்தால், இரண்டிலிருந்தும் எடுத்து ஒரு பட்டியல் கட்டி, தினமும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பாட்டு யாரால் வந்தது என்றும் காட்டும், ரசனை எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்றும் ஒரு எண் போடும். அந்த எண்ணை மட்டும் வீட்டில் சத்தமாகப் படிக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.