ஒன்பது மணிக்கு எந்த லாரி வருகிறது, சொல்லுங்கள்

செங்குன்றம் பக்கம் இருக்கிற குடோனில் ஷிப்ட் பார்க்கிறவன் நான். எங்கள் ஷிப்ட் ஆரம்பிக்கிற நேரத்தை வைத்தது யார், எதைப் பார்த்து வைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. ஆபீஸ் ஒன்பது மணிக்குத் திறக்கிறது, அதனால் குடோனும் ஒன்பது மணி. இதைத் தவிர ஒரு காரணமும் கிடையாது.

ஆந்திரா பக்கமிருந்து வரும் வண்டிகள் ராத்திரியெல்லாம் ஓடி, ஜி.என்.டி. ரோட்டில் நெரிசல் தொடங்கும் முன்னாடி, விடியற்காலை ஐந்தரை வாக்கில் வந்து நின்றுவிடும். வழக்கமான ஒரு நாளில் ஏழு வண்டி. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து கம்பெனிகளிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்கு மூன்று வண்டி. கேட் ரிஜிஸ்டரைத் திறந்தால் யாருக்கும் தெரியும். போன மீட்டிங்கில் மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? பத்து வண்டி வந்த நேரத்தையும் கூட்டி, பத்தால் வகுத்து, "சராசரி ஒன்பது மணி ஆறு நிமிஷம், நம்ம டைமிங் கரெக்ட்" என்றார். அந்த ஒன்பது மணிக்கு ஒரு வண்டிகூட வருவதில்லையே ஐயா! சராசரியை வைத்துக்கொண்டு யாருக்கு ஆள் போடுவது? மணிக்கு மணி எத்தனை வண்டி என்று எண்ணிப் பார்த்தால்தான் காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். லாரியை ஒட்டி நிறுத்திச் சரக்கு இறக்குகிற டாக் எங்களிடம் மூன்றுதான். ஒரு வண்டியை இறக்க ஒன்றரை மணி நேரம். ஒன்பதுக்கு ஆரம்பித்தால் பத்தரைக்கு மூன்று, பன்னிரண்டுக்கு மூன்று, கடைசி வண்டி மதியம் ஒன்றரைக்கு முடியும். அந்த டிரைவர் எட்டு மணி நேரம் ரோட்டோரம் கிடக்கிறார், கழிப்பறைகூட இல்லாமல். ஹால்டிங் சார்ஜ் தனியாக வந்து சேர்கிறது. மே மாதம் பன்னிரண்டு மணி வெயிலில் தகரம் கொதிக்கிற கன்டெய்னருக்குள் ஏறி மூட்டை தூக்குகிற ஆளை நினைத்துப் பாருங்கள். அதே வேலையைக் காலை ஆறு மணிக்குச் செய்திருக்கலாம்.

இறக்கியதும் வேலை முடிந்துவிடாது. எண்ணி, பில்லோடு சரிபார்த்து, சிஸ்டத்தில் ஏற்றி, ரேக்கில் வைக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக கடைசிச் சரக்கு ரேக்குக்கு வரும்போது மணி மூன்று. கடைக்காரர்களின் ஆர்டர் மதியம் ஒரு மணி வரை வரும். ஆர்டர்படி ரேக்கிலிருந்து சரக்கை எடுக்கிற பிக்கிங் வேலை இரண்டிலிருந்து ஆறு வரைதான் உச்சத்தில் இருக்கும். ஆறரைக்கு வேன் கிளம்ப வேண்டும். இரண்டு மணிக்குப் பிக்கர் ரேக் முன்னால் போய் நின்றால் சிஸ்டம் 'ஸ்டாக் இல்லை' என்கிறது, சரக்கோ டாக் பக்கத்தில் தரையில் கிடக்கிறது! அதே பிக்கர்கள் காலை ஒன்பதிலிருந்து வேலையில்லாமல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். சாயங்கால வண்டிக்கு மட்டும் எல்லோருக்கும் ஓவர்டைம்.

எல்லோரையும் ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாகப் பிரியுங்கள் என்கிறேன். இறக்குகிறவர்கள் ஐந்தே முக்காலிலிருந்து இரண்டே கால் வரை. ஆறு மணிக்கு டாக்கில் வேலை தொடங்கினால் பத்தரைக்கு ஏழு வண்டியும் காலி, பன்னிரண்டுக்குள் எல்லாம் ரேக்கில். பிக்கர்கள் பதினொன்றரையிலிருந்து எட்டு வரை. ஆறரைக்கு வேன்கள் கிளம்பியதும் அவர்களே சாயங்கால வண்டி மூன்றையும் மூன்று டாக்கில் ஒரே நேரத்தில் இறக்கி எட்டுக்கு முடித்துவிடலாம். சாப்பாட்டு நேரம் போக இரண்டு பேருக்கும் எட்டு மணி நேர வேலைதான்.

"போன வருஷம் செய்து பார்த்தோமே, சரிப்படவில்லை" என்கிறார்கள். எப்படிச் செய்தார்கள்? லோடுமேன்களை மட்டும் ஆறு மணிக்கு வரவழைத்தார்கள். பில் சரிபார்த்து என்ட்ரி போடுகிறவர் வழக்கம்போல ஒன்பதுக்கு வந்தார். ஃபோர்க்லிப்ட் சாவி அவர் மேஜையில். இறக்கிய சரக்கு டாக்கை அடைத்துக்கொண்டு நிற்க, அடுத்த வண்டியை விட இடமில்லை. இது ஷிப்ட் நேரத்தின் குற்றமா?

சிரமம் இல்லாமல் இல்லை. பொன்னேரியிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வருகிறவர்கள் ஐந்தே முக்காலுக்கு வந்து சேரப் பஸ்ஸை நம்ப முடியாது. எட்டு மணிக்கு முடிக்கிற பெண்களைப் பத்திரமாக வீட்டில் விட வேண்டும். அதற்கு கம்பெனி வேன் வேண்டும். ஹால்டிங்குக்கும் ஓவர்டைமுக்கும் கொடுக்கிற பணத்தை ஒரே ஒரு மாதம் கூட்டிப் பாருங்கள், வேன் வாடகை எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு நான் எடுத்துத் தருகிறேன். ரிஜிஸ்டர் கேட்டில்தான் இருக்கிறது. அடுத்த மீட்டிங்குக்கு அதைக் கொண்டுவர விடுங்கள், அது போதும்.