காட்டன் போட்டா தீ பிடிக்காதா? ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி படிங்க

"காட்டன் நைட்டி போட்டு சமைச்சா தீயே பிடிக்காது, நைலான் பாலியஸ்டர் மட்டும்தான் எரியும்"னு ஒரு மெசேஜ் சுத்துது.

இது தப்புங்க. காட்டன் சட்டுனு பத்திக்கும், மெல்லிசா லூசா இருந்தா மளமளன்னு மேல ஏறும். அதோட நல்ல குணம் என்னன்னா அது உருகாது, கருகி சாம்பலாகும், அதனால உருகி தோல்ல ஒட்டிக்காது. நைலான், பாலியஸ்டர் சூடு பட்டதும் சுருங்கி சுமார் 220லேர்ந்து 260 டிகிரிக்குள்ள உருகி தோல்ல ஒட்டிக்கும், அதான் புண்ணு ஆழமா போகுது. ரெண்டும் கலந்த பாலிகாட்டன் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, அதுல கருகின காட்டன் நூல் விளக்குத்திரி மாதிரி நின்னு உருகின பாலியஸ்டரை கீழ சொட்ட விடாம எரிய வைக்கும்.

கடைக்காரர் சொல்றத நம்பாம நீங்களே பாக்கலாம். உள்தையல் ஓரத்துல தையல் நூலை விட்டுட்டு துணியிலேர்ந்தே ஒரு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சு, தண்ணி ஊத்துன தட்டுக்கு மேல கொளுத்துங்க. பேப்பர் எரியுற வாசனையோட மிருதுவான சாம்பல் வந்தா காட்டன், இல்லன்னா ரேயான். கெட்டியா குண்டுமணி மாதிரி உருண்டா சிந்தெடிக், சாம்பலும் உருண்டையும் சேர்ந்து வந்தா கலப்பு.

சமைக்க கொஞ்சம் தடிமனான, நெருக்கமா நெய்த காட்டன், குட்டைக் கையா, உடம்போட ஒட்டி இருக்கணும். முந்தானையை இடுப்புல சொருகுங்க, துப்பட்டாவை கழட்டி வெச்சிடுங்க, பின் பர்னர்ல இருக்குறத எடுக்க கை நீட்டும்போது துணி தீயில மாட்டலாம். அப்படியே பத்திக்கிட்டா ஓடாதீங்க, தரையில படுத்து உருளுங்க, அப்புறம் 20 நிமிஷம் குழாய்த்தண்ணி, ஒட்டின துணியை மட்டும் பிச்சு எடுக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க.

அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு உங்களோட நிறுத்திடுங்க.