பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்: நான் ஏன் கடைக்கு வரவில்லை

இந்தக் கடிதத்தைப் போன வாரம் பெரியப்பாவின் கையிலேயே கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, "இதைப் போடு தம்பி, எங்கட தெருப் பொடியளும் மற்ற ஆக்களும் வாசிக்கட்டும்" என்றார். அதனால்தான் இங்கே போடுகிறேன். கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு, படிப்பு முடிந்ததும் கடைக்கு வருகிறாயா என்ற கேள்வி எப்படியும் வந்து சேரும்.

அன்புள்ள பெரியப்பா,

சித்திரைக்குப் பிறகு கடைக்கு வந்துவிடு என்று சொன்னீர்கள். அப்பா உங்களை மீறி ஒன்றும் சொல்லமாட்டார், அதனால் பதிலை நானே எழுதுகிறேன். நான் கடைக்கு வரவில்லை. கறித்தூள் வறுத்து விற்கும் வேலையை முழுநேரமாகச் செய்யப்போகிறேன். "நாலாம் குறுக்குத் தெருவில் கடை இருக்கிறவன் தூள் விற்கப் போறானா" என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டது எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் கடையைப் பற்றி. நாங்கள் பருப்பும் மல்லியும் செத்தல் மிளகாயும் விற்கிறோம் என்று வெளியில் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் எங்கள் கடை விற்பது தவணைதான். இறக்குமதிக்காரரிடம் 30 நாள் கழித்து மாறும் செக் கொடுத்துச் சாமான் எடுக்கிறோம். வெளியூர் முதலாளிமாருக்கு 45 நாள் செக்குக்குக் கொடுக்கிறோம். நடுவில் இருக்கும் 15 நாளை வங்கி ஓ.டி., அதாவது கணக்கில் இருப்பதற்குமேல் எடுக்கும் கடன், தாங்குகிறது. இந்த 15 நாளில்தான் எங்கள் லாபம் முழுவதும் இருக்கிறது, அல்லது இல்லாமல் போகிறது.

10 லட்சம் ரூபாய்க்குப் பருப்பு எடுத்ததாக வைப்போம். நூற்றுக்கு இரண்டு வைத்தால் 20,000 ரூபாய் லாபம். ஓ.டி. வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 24 என்றால், 15 நாளுக்கு ஏறக்குறைய 9,900 ரூபாய் போய்விடும். மிச்சம் 10,000 சொச்சம். இப்போது அந்த வெளியூர் முதலாளி தொலைபேசி எடுத்து, "அண்ணை, செக்கைக் கொஞ்சம் பிந்திப் போடுங்கோ" என்கிறார். நீங்களும் சரி என்கிறீர்கள். இன்னொரு 15 நாள், இன்னொரு 9,900. கையில் 200 ரூபாய். மூட்டை தூக்கும் நாட்டாமைமாரின் கூலி, லொறி, கடைக் கரண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது வட்டி இறங்கிவிட்டதே என்பீர்கள். சரி, பாதியாக்கிப் பார்ப்போம். 30 நாளுக்கு 9,900 போனாலும் 10,000 மிஞ்சும். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனது. நாங்கள் கொடுத்த சாமானுக்குப் பழைய விலையில் செக் வாங்கியிருந்தோம். அந்தச் செக் மாறி வந்த காசில் அதே அளவு சாமானைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எல்லாச் செக்கும் மாறியிருந்தாலும் நட்டம்தான். எல்லாம் மாறவும் இல்லை. மலைநாட்டுப் பக்கத்து ஒருவரின் செக் திரும்பி வந்தது. அதை நாங்கள் ஏற்கெனவே பின்பக்கம் கையெழுத்து வைத்து இறக்குமதிக்காரரிடம் கொடுத்திருந்தோம். அந்த மலைநாட்டுக்காரர் பெயர் போட்ட ஒரே கடதாசியால் எங்கள் வாக்கும் சேர்ந்து போனது. அப்பா அந்த இரவு முழுக்க முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார்.

10 லட்சம் ரூபாய்ச் செக் ஒன்று திரும்பினால், அதை நிரப்ப 20,000 ரூபாய் லாபம் தரும் அதே மாதிரி வியாபாரம் 50 தடவை ஒழுங்காக நடக்கவேண்டும். இது யாருடைய திறமைக் குறைவும் இல்லை. மொத்த வியாபாரத்தின் அமைப்பே அதுதான்.

நீங்கள் ஏன் கடனை இவ்வளவு நம்புகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். 1983 ஆடியில் கடை எரிந்தபோது அப்பப்பாவிடம் மிஞ்சியது சாவிக்கொத்து மட்டும்தான். பழைய சோனகத் தெருவில் இருந்த ஒரு முதலாளி, எழுத்து ஒன்றும் இல்லாமல், "கொண்டுபோய் வித்துட்டுத் தாங்க" என்று சாமான் கொடுத்தார். அந்தக் கடனால்தான் நாங்கள் எல்லாரும் படித்தோம். அதை நான் ஒருநாளும் சிறிதாக நினைக்கமாட்டேன். ஆனால் அது ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்த்துக் கொடுத்த கடன். இன்று எங்கள் கடை கொடுக்கும் கடனில் பாதிக்குமேல், முகமே தெரியாத ஆட்களின் செக் கைமாறிக் கைமாறி வருவது. இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கோபிக்காதீர்கள். கடையில் யாருக்கும் சம்பளம் இல்லை. வீட்டுச் செலவு, கல்யாணச் செலவு, கோயில் உபயம், எல்லாம் லாச்சியில் இருந்துதான். தேவைக்கு எடு என்று நீங்கள் தாராளமாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் உங்களுக்கும் அப்பாவுக்கும் மாதம் ஒரு சம்பளம் எழுதி, அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கடை லாபத்தில் ஓடுகிறதா என்று எங்கள் யாருக்குமே தெரியாது. நான் வந்து சம்பளம் இல்லாமல் நின்றால் கடைக்கு லாபம் கூடியதுபோல் தெரியும். அது என் உழைப்பின் விலை, கடையின் லாபம் இல்லை. நான் வந்தாலும் வராவிட்டாலும், இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, என் தூளுக்கு வருகிறேன்.

மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. 10 கிலோ சேர்வைக்குச் சாமான் 10,000 ரூபாய் என்று வைத்தால், கிலோ 1,000 என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் மிளகாய்க் காம்பு போகும், மல்லியில் கல்லும் தூசும் போகும், வறுக்கும்போது ஈரம் போகும், மில்லிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். என் கைக்கு வருவது எட்டரைக் கிலோ. அப்படியென்றால் கிலோவின் அடக்கம் 1,176 ரூபாய். வீட்டில் தூள் செய்து விற்றுக் கைவிட்ட பலர் இந்த ஒன்றரைக் கிலோவைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான். எரிவாயு, மில் கூலி, பக்கெட், லேபல் என்று இன்னும் 300 சேர்த்தால் 1,480 வரும். நான் 2,000க்குக் கொடுக்கிறேன். கிலோவுக்கு 520.

வாரத்துக்கு 40 கிலோ போகிறது. 20,800 ரூபாய். உங்கள் 10 லட்சம் ரூபாய்ப் பருப்பு, ஒன்றும் பிழைக்காவிட்டால் தரும் அதே காசு. நான் போடும் முதல் 60,000க்குள். அதுவும் என் காசு இல்லை, ஏனென்றால் வியாழன் இரவோடு ஒடரை மூடுகிறேன், காசு வங்கிக்கு வந்த பெயர்களுக்கு மட்டும் சனிக்கிழமை வறுக்கிறேன். இந்த 20,800க்குள் கிராண்ட்பாஸ் அறை வாடகையும் என் கூலியும் எனக்கு உதவும் அக்காவின் சம்பளமும் இருக்கின்றன. அவருக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு எடுக்கிறேன். பெரிய காசு இல்லை. ஆனால் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

வறுக்கும் வேலையில் கடையில் வளர்ந்தது எனக்குப் பெரிய பலம். நீங்கள் எனக்குக் காட்டித்தந்த மாதிரியே, மூட்டையின் நடுவில் கைவிட்டு ஒரு மிளகாயை எடுத்து நீளமாகக் கிழித்துப் பார்க்கிறேன். வெளியே சிவப்பாகப் பளபளக்கும், உள்ளே விதையைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூஞ்சணம் இருக்கும். ஈரத்தோடு கட்டிய மூட்டை அது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அப்படி ஒன்று கண்டால் மூட்டையையே திருப்பிவிடுகிறேன். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும். மல்லி பொன்னிறமாக வரும் நேரத்தில் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். கறிவேப்பிலை கையால் நொறுக்கினால் மாவாகவேண்டும், துவண்டால் தூளுக்குள் ஈரம் போகும். மில்லில் இருந்து வரும் தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டோடு பக்கெட்டை ஒட்டினால் உள்பக்கம் வியர்த்து, சில நாளில் தூள் கட்டிபட்டு மணம் மாறும். அதனால் வெள்ளைத் துணியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகுதான் அடைக்கிறோம்.

வாங்குவது அதிகம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகள். ஓகஸ்டிலும் மார்கழியிலும் லண்டன், ரொறன்ரோவில் இருந்து வருபவர்கள் சூட்கேசில் கொண்டுபோக நிறைய எடுப்பார்கள். இடையில் உள்ள மாதங்கள் மெலிவு. தூள் மூன்று மாதம் தாண்டினாலும் கெடாது, ஆனால் வாசம் இறங்கிவிடும். ஆகவே மெலிந்த மாதத்தில் செய்து வைத்து ஓகஸ்டில் விற்க முடியாது. இதுதான் என் தொழிலின் எல்லை, அதை ஒத்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.

பெரிய கடைத்தொகுதி ஒன்று எங்கள் தூளைக் கேட்டது. 45 நாளில் காசு, விற்காததைத் திருப்பி எடுக்கவேண்டும், விலையிலும் கழிவு என்றார்கள். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். வாரம் 100 கிலோ அவர்களுக்குக் கொடுத்தால், முதல் காசு வருவதற்குள் ஆறு வாரத்துச் சாமான், கிட்டத்தட்ட 9 லட்சம் ரூபாய், வெளியில் நிற்கும். அதற்கு நான் வங்கிக்குப் போகவேண்டும். நாலாம் குறுக்குத் தெருவில் வேண்டாம் என்றதைப் பக்கெட்டில் போட்டுச் செய்வதில் அர்த்தமில்லை.

பெரியப்பா, நான் உங்களிடம் முதலீடு கேட்கவில்லை. என் வாடிக்கையை உங்களுக்குத் தருகிறேன். மிளகாயும் மல்லியும் இனி எங்கள் கடையிலேயே எடுக்கிறேன், மற்றவர்களுக்குப் போடும் விலைக்கே. எனக்குக் கடன் தராதீர்கள், நான் கேட்டாலும் தராதீர்கள். வரும் வெள்ளிக்கிழமை 20 கிலோ செத்தல் வேண்டும். சாக்கின் எடையைக் கழித்து நிறுக்கச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குக் காசோடு வருகிறேன், பில்லை என் பெயரில் எழுதி வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்