காப்பியா, ஆய்வேடா?

"பழைய சோதனையை எங்கள் கல்லூரியில் திரும்பச் செய்தால் மதிப்பு உண்டா?"

உண்டு தம்பி, ஆள் போதுமான அளவு இருந்தால். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கி, கானமன் 1981-இல் வெளியிட்ட நோய்க் கேள்வியையே பாருங்கள். 600 பேரைக் கொல்லக்கூடிய நோய்; தடுக்க உறுதியான வழி ஒன்று, எல்லாரும் பிழைக்கலாம் அல்லது ஒருவரும் பிழைக்காமல் போகலாம் என்ற சூதாட்ட வழி ஒன்று. உறுதியான வழியில் "200 பேர் பிழைப்பார்கள்" என்றபோது 72% பேர் அதை எடுத்தார்கள். அதையே "400 பேர் சாவார்கள்" என்று மாற்றியதும் 22% பேர்தான்.

உங்களிடம் ஒரு குழுவில் 60%, இன்னொன்றில் 35% என்று வித்தியாசம் குறையலாம். அதைப் பிடிக்கவே ஒரு குழுவுக்கு 60 பேராவது வேண்டும். வகுப்பில் இருபது இருபது பேரைப் பிரித்துவிட்டு "தமிழ் மாணவர்களிடம் இது பலிக்கவில்லை" என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள். மொழிபெயர்ப்பும் கவனம்: "200 பேர்" என்பதை "200 பேராவது" என்று எழுதினால் கேள்வியே வேறு. தமிழ்க் கேள்வியை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் நகல் எடுங்கள்.