118-ல் 18 சதவீதம் கழித்தால் 100 வராது, ஐயா!

மூன்று வாரமாக வயிறு எரிகிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற சமயம் என்றால் எனக்குத் தூக்கம் கிடையாது. அப்படி ஒரு அவசரத்தில் ஒரு பண்ணை நிர்வாகத்துக்கு (பெயர் வேண்டாம்) நீர்மூழ்கி மோட்டார் மாற்றிக் கொடுத்தேன். மோட்டார், பம்பு, கேபிள், இறக்கிப் பொருத்துகிற கூலி எல்லாம் சேர்த்து, ஜிஎஸ்டி உட்பட 59,000 ரூபாய் என்று பேச்சு. அவர்களும் சரி என்றார்கள். நானும் பில் போட்டேன்: அசல் விலை 50,000, மத்திய வரி 9 சதவீதம் 4,500, மாநில வரி 9 சதவீதம் 4,500. மொத்தம் 59,000. இதில் எங்கே ஐயா குழப்பம் இருக்கிறது?

இருக்கிறதாம். இரண்டு நாள் கழித்து பில் திரும்பி வந்தது. அசல் விலைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. நேரில் போனேன். கணக்குப் பார்க்கிற தம்பி என் கண் முன்னாலேயே கால்குலேட்டரில் 59,000 போட்டார், அதில் 18 சதவீதம் கழித்தார், திரையை என் பக்கம் திருப்பினார். 48,380. “அண்ணே, வரி போனா இதுதான் உங்க விலை. நீங்க 50,000-னு போட்டிருக்கீங்க. 1,620 ரூபாய் கூட வச்சிருக்கீங்க.”

கூட வைத்தேனாம்! இருபது வருடத் தொழிலில் ஒருவரும் என்னைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை.

நான் சொன்னேன்: “சரி தம்பி, உங்க கணக்குப்படியே போவோம். 48,380-க்கு 18 சதவீதம் எவ்வளவு, போடுங்க.” போட்டார். 8,708 ரூபாய் 40 காசு. கூட்டினால் 57,088 ரூபாய் 40 காசு. “59,000 வரலையே, பாத்தீங்களா?” என்றேன். தன் கணக்கு தப்பு என்று இதிலேயே புரிந்திருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அப்ப உங்களுக்கு 57,088-தான் அண்ணே வரும்.” அந்தத் தொகைதான் வங்கிக்கு வந்தது. சுளையாக 1,912 ரூபாய் குறைவு.

இது ஒரு ஆள் செய்கிற தப்பு என்றால் விட்டுவிடுவேன். உரக்கடை, இரும்புக்கடை, டைல்ஸ் கடை, எங்கே போனாலும் இதே கதை. “வரி 18, அதனால 18-ஐக் கழி.” எதிலிருந்து கழிக்கிறோம் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. அந்த 18 சதவீதம் அசல் விலையின் மேல் போட்டது. 50,000-க்கு 18 சதவீதம் 9,000. நீங்கள் கழிக்கிறபோது 59,000-க்கு 18 சதவீதம் எடுக்கிறீர்கள். அந்த 59,000-க்குள் 9,000 வரிப் பணம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேர்த்து 18 சதவீதம் எடுத்தால் வரிக்கே வரி போட்டதாகிறது. 9,000-க்கு 18 சதவீதம் எவ்வளவு? 1,620. நான் “கூட வைத்த” பணம் எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிகிறதா?

என் பட்டறையில் கம்பி சுற்றுகிற அண்ணன் பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவர். அவரிடம் இப்படிச் சொன்னேன். களத்தில் நூறு மூட்டை நெல் உங்களுடையது. மேலே பதினெட்டு மூட்டை இன்னொருவருடையது. ஒரே அடுக்காக 118 மூட்டை கிடக்கிறது. அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கு எவ்வளவு மிச்சம்? “நூறு” என்றார். அவர் வந்து, “மொத்த அடுக்கிலும் நூற்றுக்குப் பதினெட்டு எனக்கு” என்று 21 மூட்டைக்கு மேல் தூக்கினால்? “விடுவேனா?” என்றார். அவ்வளவுதான் விஷயம். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஏறவில்லை.

வழி ஒன்றுதான். மொத்தத் தொகையை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.

```
59000 ÷ 118 × 100 = 50000
```

118 மூட்டைகளில் ஒரு மூட்டை எவ்வளவு என்று முதலில் கண்டுபிடிக்கிறோம்: 500 ரூபாய். அதில் நூறு எனக்கு, பதினெட்டு அரசாங்கத்துக்கு. இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 2017-ஆம் வருடத்து மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 35-ஆவது விதியே இதற்காக இருக்கிறது. வரி உட்பட விலை பேசியிருந்தால், அந்தத் தொகையை வரி சதவீதத்தால் பெருக்கி, நூறோடு மொத்த வரி சதவீதத்தையும் கூட்டி வருகிற எண்ணால் வகுக்கச் சொல்கிறது. 59,000 × 9 ÷ 118 போட்டுப் பாருங்கள், 4,500 வரும். அதுதான் மத்திய வரி. மாநில வரியும் அதே அளவு.

இந்த 9-ம் 9-ம் இருக்கிறதே, அதில் இன்னொரு கூத்து. சிலர் 59,000-ஐ 109-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குகிறார்கள், வந்த விடையை மறுபடியும் 109-ஆல் வகுக்கிறார்கள். 49,659 வரும். அதுவும் தப்பு. இரண்டு வரியும் ஒரே அசல் விலையின் மேல் தனித்தனியாக விழுகின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. கூட்டி 18 ஆக்கி, ஒரே தடவை வகுக்க வேண்டும்.

இந்தத் தப்பு இத்தனை நாள் பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், வரி சின்னதாக இருந்தால் அது கண்ணில் படாது. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், உரத்துக்கு வரி 5 சதவீதம். நேராகக் கழித்தால் வரி 67 ரூபாய் 50 காசு. சரியான கணக்கு, 105-ல் 5, அதாவது 21-ல் ஒரு பங்கு: 64 ரூபாய் 29 காசு. வித்தியாசம் மூன்று ரூபாய் சொச்சம். யார் கேட்கப் போகிறார்கள்? அதே பழக்கத்தோடு 18 சதவீதத்துக்கு வருகிறார்கள், ஆயிரக்கணக்கில் அடி விழுகிறது.

அடி கடைக்காரருக்கும் விழுகிறது. 2025 செப்டம்பர் 22-ல் சிமெண்டு வரி 28-லிருந்து 18 ஆனது. வீடு கட்டுகிற என் மச்சான் கடையில் போய்ச் சண்டை போட்டார். 320 ரூபாய் மூட்டைக்கு 10 சதவீதம் குறைத்து 288-க்குக் கொடு என்று. 320-ஐ 128-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அசல் 250. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 295. கடைக்காரர் சொன்ன விலையும் 295-தான். அந்த மனிதரைத் திருடன் என்று நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு வந்திருக்கிறார் என் மச்சான். மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பில்லை இரண்டாவது தடவை அனுப்பினேன், திரும்பி வந்தது. முந்தாநாள் மூன்றாவது தடவை 35-ஆவது விதியை அச்செடுத்து, பின் அடித்து, பில்லோடு கொடுத்திருக்கிறேன். 50,000-க்கு உண்டான 9,000 வரியை நான் கட்டியாகிவிட்டது. மோட்டார் ராத்திரி பகலாகத் தண்ணீர் இறைக்கிறது, நாற்று பச்சை பிடித்துவிட்டது. 1,912 ரூபாய் வந்தபாடில்லை. திங்கட்கிழமை காலையில் போய் அந்தத் தம்பியின் மேசைக்கு எதிரே உட்காரப் போகிறேன். அவருடைய கால்குலேட்டரிலேயே, அவர் கையாலேயே, 48,380-க்கு மறுபடி 18 சதவீதம் கூட்டச் சொல்லப் போகிறேன். 59,000 வருகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.